சூடான சாம்பார், மெல்லிசு கவர்: பார்சலுக்கு வேறு வழி என்ன?

பாலக்கரை
திருச்சியில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டிபன் கடை. சனிக்கிழமை காலையில் எட்டு இட்லி, நாலு வடை வாங்குவது வழக்கம். சாம்பார் மூன்று கவர், தேங்காய் சட்னி இரண்டு, காரச் சட்னி ஒன்று. எல்லாமே சரசரவென்று சத்தம் போடும் மெல்லிசான பாலித்தீன் கவரில் ரப்பர் பேண்டு சுற்றித்தான் வரும். இத்தனை வருஷமாக யோசித்ததே இல்லை. போன வாரம் வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு சாம்பார் கவர் அடிவயிறு தொங்கி, இழுத்துவிட்ட மாதிரி நீண்டிருந்தது. முடிச்சைக் கத்தரியால் வெட்டும்போது நகக்கண் அளவு கவர் துண்டு சாம்பாருக்குள்ளேயே விழுந்துவிட்டது, கறிவேப்பிலைக்கு நடுவில் அதைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வாயில் வைத்தால் லேசாக மெழுகுவத்தி வாடை.

கேட்க விரும்புவது இரண்டு. உண்மையிலேயே கவர் உருகுகிறதா? கடைக்காரரிடம் எதில் கட்டித் தரச் சொல்வது? சும்மா "வேண்டாம்" என்றால் "எல்லாரும் இதில்தான் சார் கட்டுறாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

ராஜவேல்77
உருகத்தான் செய்யும். சூடு பட்டால் பிளாஸ்டிக்கில் இருந்து டையாக்ஸின் வரும், கேன்சர் நிச்சயம். 120 மைக்ரானுக்கு மேல் தடிமன் உள்ள கவர் கேளுங்கள், சட்டத்திலேயே அதற்கு அனுமதி இருக்கிறது. தடிமனான கவர் என்றால் ஒன்றும் இறங்காது.

ஃபிலிம்ரோல்
கோயம்புத்தூர் பக்கம் கவர் ஓட்டும், அதாவது தயாரிக்கும், கம்பெனியில் பதினேழு வருஷம் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். ராஜவேல் சார் கவலை நியாயம்தான், ஆனால் சொன்ன காரணம் சரியில்லை. டையாக்ஸின் என்பது குளோரின் உள்ள பிளாஸ்டிக்கை எரிக்கும்போது வருவது. குப்பை மேட்டில் தீ வைக்கிறார்களே, அங்கே பயப்பட வேண்டும். சாம்பார் சூட்டில் அது வராது. பாலித்தீனில் குளோரினே கிடையாது.

உருகுமா என்றால், அதுவும் இல்லை. நாங்கள் எல்.டி. என்று சொல்கிற மெத்தென்ற கவர் 110 டிகிரிக்குப் பக்கத்தில்தான் உருகும், ஆனால் அதற்கு நன்றாகக் கீழேயே தளர்ந்துவிடும். உங்கள் கவர் தொங்கியது அதனால்தான். உள்ளே இருந்த சாம்பாரின் கனமே அதை இழுத்துவிட்டது. சரசரவென்று சத்தம் போடுவது ஹெச்.எம். கவர், அது 130 வரை தாங்கும், ஆனால் அந்தச் சாம்பார் கவர் வெறும் 15, 20 மைக்ரான்தான், தலைமுடியைவிட எவ்வளவோ மெல்லிசு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கடைக்காரர் கையில் கிடைத்ததில் இரண்டையும் கலந்து கட்டியிருப்பார் போல.

அப்படியானால் பிரச்சனை எங்கே என்கிறீர்களா? கவர் ஓட்டும்போது மூலப்பொருளான பிளாஸ்டிக் மணியோடு சில பொருள்களைச் சேர்ப்போம். அதில் ஒன்று ஸ்லிப். கடைக்காரர் விரலை வைத்துத் தேய்த்ததும் கவர் வாய் 'டக்'கென்று திறக்கிறதே, அது இருப்பதால்தான். இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். அது கொழுப்பு சம்பந்தப்பட்ட சாமான், ஃபிலிம் ஆறியதும் மேல்பரப்புக்கு வந்து படிந்துகொள்ளும். இந்த மாதிரிச் சின்னச் சின்ன சாமான்கள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் கரையும். சாம்பாரில் தாளித்த எண்ணெய் மேலே மிதக்கிறது, காரச் சட்னியில் கேட்கவே வேண்டாம். ஆகவே சூடு, எண்ணெய், எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது, இந்த மூன்றையும்தான் பார்க்க வேண்டும். கவரைத் தடிமனாக்கினால் ஓட்டை விழாது, அவ்வளவுதான். உள்பக்கம் எண்ணெய் படுகிற இடம் அதே பாலித்தீன்தானே.

ராஜவேல்77
சரி சார், டையாக்ஸினை விடுங்கள். 120 மைக்ரான் அரசாங்கமே சொன்னதுதானே?

ஃபிலிம்ரோல்
அது தூக்குப்பைக்கு. கைப்பிடி வைத்துச் சாமான் தூக்கிப் போகும் பை 120 மைக்ரானுக்குக் குறையக்கூடாது என்று மத்திய அரசு 2022 டிசம்பர் 31-லிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இங்கே 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களுக்குத் தடை, அதில் பிளாஸ்டிக் தூக்குப்பையும், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும், எந்தத் தடிமனாக இருந்தாலும் அடங்கும். நடப்பது வேறு என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஹாஸ்டல்_தம்பி
அண்ணா எனக்கு ஒரு சந்தேகம். ராத்திரி மீந்த சாம்பார் கவரை ஹாஸ்டல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் கெட்டிலில் வெந்நீர் கொதிக்க வைத்து கவரோடு உள்ளே போட்டுச் சூடாக்குவேன். சாம்பார் நன்றாகத்தான் இருக்கிறது. எத்தனை நாள் ஃபிரிட்ஜில் தாங்கும்?

மெஸ்_அக்கா
தம்பி, கேள்வியே அது இல்லையப்பா! ஆனாலும் சொல்கிறேன், கவரோடு கொதிக்கிற தண்ணீரில் போடுவதை இன்றோடு விட்டுவிடு. மேலே அண்ணன் சொன்ன மூன்றும் அதில் ஒன்றாகச் சேர்கிறது. ஒரு சில்வர் டம்ளரில் ஊற்றி அந்த டம்ளரை வெந்நீரில் வை.

நான் ஈரோட்டில் மெஸ் நடத்துகிறேன். காலை டிபனில் அறுபது எழுபது பார்சல் போகும். கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஏழரையிலிருந்து ஒன்பது வரை கூட்டம் நெருக்கும், அப்போது ஒவ்வொரு பார்சலுக்கும் சாம்பார் ஊற்றி முடிச்சுப் போட்டால் வரிசை தெருவுக்குப் போய்விடும். அதனால் ஆறு மணிக்கே நாற்பது ஐம்பது கவர் கட்டிப் பிளாஸ்டிக் பக்கெட்டில் அடுக்கி வைத்துவிடுவது வழக்கம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். கவர் ஒன்று இருபத்தைந்து காசுக்கு அடங்கிவிடும், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பால் காய்ச்சிப் பார்க்க வாங்கிய கம்பி வெப்பமானி ஒன்று இருக்கிறது. போன வருஷம் ஒரு வாடிக்கையாளர் சண்டை போட்டதற்குப் பிறகு ஒருநாள் அளந்து பார்த்தேன். சிம்மில் இருக்கும் சாம்பார் அண்டாவில் 91. கவரில் ஊற்றிக் கட்டும்போது 83. தனியாக மேசையில் வைத்த கவர் பத்து நிமிஷத்தில் 74, இருபத்தைந்து நிமிஷத்தில் 64. ஆனால் பக்கெட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதில் நடுவில் இருந்த கவரை ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் இன்னும் 69! ஒன்றுக்கொன்று சூடு காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, வாங்கிப் போகிறவர் பத்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போய்விடுகிறார், ஆனால் சாம்பார் அந்தக் கவருக்குள் அதற்கு முன்னாலேயே ஒன்றரை மணி நேரம் இருந்திருக்கிறது.

ஃபிலிம்ரோல்
அக்கா சொன்னது முக்கியம். பார்சல் கேட்டபிறகு ஊற்றிக் கட்டும் கடைக்கும், காலையிலேயே கட்டிக் குவிக்கும் கடைக்கும் வித்தியாசம் நிறைய. கவரை மாற்ற முடியாத கடைக்காரர் கூட இந்த ஒன்றை மாற்றலாம்.

மணலூர்க்காரன்
இதெல்லாம் எதற்கு? சில்வர் கவர் வந்துவிட்டதே. எங்கள் ஊரில் பெரிய ஓட்டல் எல்லாம் சாம்பார் அதில்தான். அலுமினியம், பிளாஸ்டிக் இல்லை, சூடும் ஆறாது.

ஃபிலிம்ரோல்
ஒரு சில்வர் கவரை எடுத்து ஓரத்தில் மெதுவாகக் கிழித்துப் பாருங்கள் சார். வெள்ளி கிழிந்த பிறகும் உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு படலம் கிழியாமல் ஜவ்வாக இழுத்துக்கொண்டு வரும். அது எல்.டி. பாலித்தீன். அது இல்லாமல் கவரை ஒட்டவே முடியாது, சூடு வைத்து ஓரம் ஒட்டுவதே அந்தப் படலத்தில்தான். சாம்பார் தொடுவது அலுமினியத்தை இல்லை, அதே பாலித்தீனைத்தான். போதாததற்கு நீங்களே சொல்கிறீர்கள், சூடு ஆறாது என்று.

இன்னொன்று, நிறைய சில்வர் கவரில் அலுமினியத் தகடே கிடையாது. பிளாஸ்டிக் படலத்தின் மேல் வெள்ளிப் பூச்சு, அவ்வளவுதான். மடித்து அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். தகடு என்றால் மடிப்பு அப்படியே நிற்கும், பூச்சு என்றால் மெல்ல விரிந்துகொள்ளும். டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தால் பூச்சுக் கவரில் வெளிச்சம் மங்கலாகத் தெரியும்.

நல்ல கம்பெனி சில்வர் கவரில் உள்படலம் புது மணியில் ஓட்டியது, கிலோ கணக்கில் வரும் மெல்லிசு ஹெச்.எம். கவரில் பழைய கவரை அரைத்த மணி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த வகையில் சில்வர் கவர் ஒருபடி மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் "பிளாஸ்டிக் இல்லை" என்று மட்டும் நம்ப வேண்டாம்.

பாலக்கரை
அரைத்த மணி கலந்திருக்கிறதா என்று வாங்குகிறவன் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபிலிம்ரோல்
நூற்றுக்கு நூறு கண்டுபிடிக்க முடியாது. கறுப்பு, அடர் நிறக் கவரில் சாப்பாட்டுச் சாமானே வாங்காதீர்கள், அந்த நிறமே கலப்பை மறைக்கத்தான். வெள்ளைக் கவர் என்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், புள்ளி புள்ளியாக மீன் கண் மாதிரி தெரிந்தால் சந்தேகம்தான்.

மூக்கை நம்பிச் செய்யும் ஒரு பழைய சோதனை உண்டு, நாங்கள் கம்பெனியிலேயே செய்வோம். ஒரே வெந்நீரை ஒரு கண்ணாடி டம்ளரிலும் ஒரு கவரிலும் ஊற்றுங்கள். டம்ளரை மூடிவையுங்கள், கவரைக் கட்டிக் கிண்ணத்தில் வையுங்கள். இருபது நிமிஷம் கழித்து இரண்டையும் திறந்து மோந்து பாருங்கள், ஆறியதும் ஒரு வாய் வைத்துப் பாருங்கள். மெழுகு வாடை, சோப்பு வாடை, பழைய டப்பா வாடை வந்தால் அந்தக் கவர்க் கட்டை அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் வாடை வரவில்லை என்பதால் ஒன்றும் இறங்கவில்லை என்று அர்த்தம் இல்லை. வாடை வந்தால் தோல்வி, வராவிட்டால் தெரியாது, அவ்வளவுதான்.

செல்வி_வி
நான் ரசாயனம் எல்லாம் பேசப்போவதில்லை. என் மகனுக்கு ஐந்து வயதில் தொடை வெந்தது இந்தக் கவரால்தான். ஸ்கூட்டியில் முன்னால் நின்றுகொண்டு வந்தான், சாம்பார் கவர் கொக்கியில் தொங்கியது. வேகத்தடையில் குதித்ததும் முடிச்சு நிற்கிறது, கவர் அடியில் பிளந்துவிட்டது. கடையிலிருந்து வீடு ஐந்து நிமிஷம்தான். மேலே அக்கா எழுதியிருக்கிறார்களே, பத்து நிமிஷத்தில் 74 என்று, அதைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. பருப்பு கலந்த சாம்பார் தண்ணீர் மாதிரி ஓடாது, தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். குழாயைத் திறந்துவிட்டு இருபது நிமிஷம் தண்ணீரில் காட்டினோம், டாக்டர் அதுதான் காப்பாற்றியது என்றார். தழும்பு இன்னும் இருக்கிறது. அதிலிருந்து எங்கள் வீட்டில் தூக்குவாளி இல்லாமல் சாம்பார் வாங்குவதில்லை.

பாலக்கரை
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அக்கா. எனக்கு இந்தப் பக்கம் தோன்றவே இல்லை.

ஹாஸ்டல்_தம்பி
மக்கும் கவர் என்று பச்சை எழுத்துப் போட்டு வருகிறதே, மக்காச்சோள மாவில் செய்தது, அதில் கட்டினால் சரியாகிவிடாதா?

மெஸ்_அக்கா
நான் ஒரு கட்டு வாங்கிப் பார்த்தேன் தம்பி. காய்கறிக்குச் சரி. சாம்பார் ஊற்றியதும் ஈரத் துணி மாதிரித் துவண்டு, முடிச்சுப் போடும் இடத்தில் விட்டுவிட்டது. இரண்டு கவர் என் கையிலேயே போயிற்று.

ஃபிலிம்ரோல்
அந்த வகைகளில் பல 60 டிகிரி தாண்டினாலே தளர ஆரம்பித்துவிடும், சூடான குழம்புக்குச் செய்ததே இல்லை. பச்சை எழுத்தும் இலைப் படமும் போட்ட சாதாரணப் பாலித்தீனும் சந்தையில் சுற்றுகிறது. மக்கும் என்பதற்கும் சூடு தாங்கும் என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

மணலூர்க்காரன்
அப்படியானால் எதில்தான் கட்டுவது? காகிதக் கப்பா?

ஃபிலிம்ரோல்
காகிதக் கப்புக்கு உள்ளேயும் பாலித்தீன் பூச்சுதான். கரக்பூர் ஐஐடியில் 2020-ல் சோதித்தார்கள், அப்படிப்பட்ட கப்பில் 100 மில்லி வெந்நீரை 85, 90 டிகிரியில் 15 நிமிஷம் வைத்தால் சுமார் 25,000 நுண்துகள் தண்ணீரில் கலக்கிறது என்று கண்டார்கள். உடம்புக்குள் போய் அது என்ன செய்யும் என்பதில் இன்னும் முடிவான பதில் இல்லை.

மெஸ்_அக்கா
நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன், இதுதான் சரி என்று சொல்லவில்லை.

முதலில் சட்னி. தேங்காய் சட்னி சூடான பொருளே கிடையாது, அதைச் சாம்பார் கவரோடு ஒட்டி ஒரே பொட்டலத்தில் கட்டுவதுதான் தப்பு. சாம்பார் சூட்டில் வெதுவெதுப்பாகி, மதியம் சாப்பிடலாம் என்று வைத்தவருக்கு ஊசிப்போய் நூல் விடும். பழியை தேங்காய் மேல் போடுவார்கள். நான் பார்சலுக்கு மட்டும் சட்னியைத் தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைக்கிறேன், உள்ளங்கை அளவு வாழை இலையில் ஒரு உருண்டை வைத்து மடித்து, சாம்பாருக்குத் தூரமாக வைத்துவிடுவது. வீட்டில் போய்த் தண்ணீர் விட்டுக் கலக்கிக்கொள்ளட்டும். முதல் வாரம் "என்னக்கா துவையல் கொடுக்கிறீங்க" என்று கேலி செய்தார்கள். காரச் சட்னியும் அப்படியே, எண்ணெய் இலையில் ஒன்றும் செய்யாது. இலை மழைக்காலத்தில் விலை ஏறும், அப்போது கொஞ்சம் கையைக் கடிக்கும்.

சாம்பாருக்குப் போசி கொண்டு வந்தால் ஒரு கரண்டி கூடுதல். இதற்குத்தான் நல்ல பலன். அறுபது பார்சலில் இருபத்தைந்து பேர் இப்போது தூக்குப் போசியோடு வருகிறார்கள். நூறு ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு நாமே போசி கொடுத்தும் பார்த்தேன், பத்து போசியில் ஏழு திரும்பி வந்தது, அதில் மூன்றுக்கு மூடி இல்லை. நிறுத்திவிட்டேன்.

பாத்திரம் இல்லாதவர்களுக்கு மூடி போட்ட பி.பி. டப்பா, அதாவது பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக், 250 மில்லி, எனக்கு மூன்றரை ரூபாய் விழுகிறது. டப்பாவுக்கு மூன்று ரூபாய் தனியாக வாங்குகிறேன், எழுதியே ஒட்டிவிட்டேன். போசி கொண்டு வருகிறவர் எண்ணிக்கை ஏறியது அந்த எழுத்தால்தான் என்று நினைக்கிறேன்.

ராஜவேல்77
பி.பி. என்றால் மைக்ரோவேவிலேயே வைக்கலாம், அப்படியானால் முழுக்கப் பாதுகாப்பு. முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே.

ஃபிலிம்ரோல்
முழுக்க என்று சொல்ல மாட்டேன் சார். பி.பி. 160 டிகிரிக்குப் பக்கத்தில்தான் உருகும், சாம்பார் சூட்டில் தளராது, நின்ற நிலையில் நிற்கும், பிளந்து யார் காலிலும் கொட்டாது. கவரோடு பார்த்தால் எவ்வளவோ மேல். ஆனால் அதுவும் பிளாஸ்டிக்தான், அதிலும் சூடும் எண்ணெயும் நேரமும் கணக்குத்தான். கழுவிக் கழுவிக் கீறல் விழுந்த டப்பாவில் மறுபடி கொதிக்கக் கொதிக்க ஊற்றக்கூடாது.

வாங்கும்போது டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கிறதா பாருங்கள். 1 போட்ட கண்ணாடி மாதிரி டப்பாவும் அதே கடையில் அதே அளவில் விற்கும், அது ஜூஸுக்கு. சாம்பார் ஊற்றினால் சுருங்கிக் கோணிக்கொள்ளும். 6 என்றால் சூட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

மெஸ்_அக்கா
டப்பாவில் ஊற்றுவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். விளிம்பு வரை நிரப்பி உடனே மூடினால் உள்ளே ஆவி கட்டி, பார்சல் பையில் போகும்போது மூடி 'டப்'பென்று எழும்பிவிடும். ஒரு விரல் இடம் விட்டு ஊற்றி, மூடியை ஒரு பக்கம் திறந்தபடி இரண்டு நிமிஷம் வைத்துவிட்டு அப்புறம் அழுத்தி மூட வேண்டும். கூட்ட நேரத்தில் அந்த இரண்டு நிமிஷம் எங்கே கிடைக்கும் என்கிறீர்களா? ஆறேழு டப்பா வரிசையாக ஊற்றி வைத்துவிட்டு இட்லி எடுக்கப் போனால் சரியாக இருக்கிறது. அதற்கு மேல் சேர்த்து வைப்பதில்லை.

செல்வி_வி
அக்கா, டப்பா குப்பை? கவர் என்றால் பத்து கிராம் கூட வராது, டப்பா மலை மாதிரி சேருமே. எங்கள் தெருவில் மாடு கவரைத் தின்பதைப் பார்த்தால் அதுவும் பொறுக்கவில்லை, இதுவும் சரியாகப் படவில்லை.

மெஸ்_அக்கா
அதற்கு என்னிடம் பதில் இல்லை கண்ணு. கழுவி மாவு, பொடி போட்டு வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள் சிலர், எவ்வளவு பேர் என்று யாருக்குத் தெரியும்.

பாலக்கரை
இன்று காலை கடைக்குப் போனேன். சண்டை போடாமல் தூக்குவாளியை நீட்டி, "அண்ணே, பக்கெட்டில் இருப்பது வேண்டாம், அண்டாவிலிருந்து இதில் ஊற்றுங்க" என்றேன். ஒரு நிமிஷம் பார்த்தார். "அளவு தெரியாதே சார்" என்றார். மூன்று கவர் சாம்பாரைப் பிரித்து ஊற்றிக் காட்டப் போனார், வேண்டாம் என்று தடுத்து, மூன்று கரண்டி என்று பேசி முடித்தோம். வீட்டுக்கு வந்து அளந்தால் வழக்கத்தைவிட அரை டம்ளர் கூட. சட்னி மட்டும் கவரில்தான் வந்தது, இரண்டாவது பாத்திரம் எடுத்துப் போக மறந்துவிட்டேன். அதை வந்ததும் கிண்ணத்தில் ஊற்றிவிட்டேன், முடிச்சை வெட்டாமல் ரப்பர் பேண்டைப் பிரித்து.

ஹாஸ்டல்_தம்பி
எல்லாம் சரி, அந்த ஃபிரிட்ஜ் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லையே?

மெஸ்_அக்கா
கவரிலிருந்து எடுத்து மூடி போட்ட பாத்திரத்தில் வைத்தால் மறுநாள் வரை. கொதிக்க வைத்துச் சாப்பிடு. மூன்றாம் நாள் வரை வைத்துக்கொண்டு என்னிடம் வந்து கேட்காதே.